சத்தம் போட்ட பை: சன் சிப்ஸும் பி.எல்.ஏ.வின் 60 டிகிரியும்

2010ஆம் ஆண்டு புவி நாளை ஒட்டி, அமெரிக்காவின் ஃபிரிட்டோ-லே நிறுவனம் தன் சன் சிப்ஸ் நொறுக்குத்தீனியை முழுவதும் மக்கும் பையில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பியது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே, சாதா சுவை ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பழைய பிளாஸ்டிக் பைக்கு மாற்றிவிட்டது. பை கிழியவில்லை, தீனி கெட்டுப்போகவில்லை, யாருக்கும் உடம்புக்கு வரவில்லை. பை சத்தம் போட்டது, அவ்வளவுதான்.

சத்தம் என்றால் சாதாரணச் சத்தம் இல்லை. அமெரிக்க விமானப்படையின் விமானி ஒருவர் பையைக் கசக்கி ஒலியளவியில் காட்டிய காணொளி அப்போது பரவலாகப் பார்க்கப்பட்டது. 95 டெசிபல் அளவுக்குப் போனது. பையின் இரைச்சலைக் கிண்டல் செய்து தொடங்கப்பட்ட ஃபேஸ்புக் குழுவில் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். ஓராண்டில் சன் சிப்ஸ் விற்பனை 11 சதவீதத்துக்கு மேல் சரிந்ததாகச் செய்திகள் வந்தன. கனடாவில் மட்டும் நிறுவனம் பையைக் கைவிடவில்லை. குறை சொன்னவர்களுக்குக் காதில் வைக்கும் அடைப்பான்களை இலவசமாக அனுப்பியது.

வணிக வகுப்புகளில் இதை, வாடிக்கையாளரின் மனத்தைப் படிக்கத் தவறிய நிறுவனத்தின் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது வேறு கதையாகப் படுகிறது. அந்தப் பை ஏன் இரைந்தது, 14 வாரத்தில் மக்கும் என்று சொன்ன பை ஏன் எல்லா வீட்டுக் கொல்லையிலும் மக்கிவிடாது, அதே பொருளால் செய்த கோப்பையில் ஏன் சூடான டீயை ஊற்ற முடியாது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் பெரும்பாலும் ஒரே எண்ணில் இருக்கிறது. 60 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழே வரும் ஒரு வெப்பநிலை அது.

பை எதனால் ஆனது

வழக்கமான சிப்ஸ் பை பார்க்க ஒரே தாள்போல இருந்தாலும் பல அடுக்குகள் ஒட்டியது. வெளியே அச்சிட்ட பாலிபுரொப்பிலீன் படலம், நடுவே ஒட்டு அடுக்கு, உள்ளே மெல்லிய அலுமினியப் பூச்சு ஏற்றிய இன்னொரு பாலிபுரொப்பிலீன் படலம். பையைத் திருப்பினால் பளபளக்கும் உட்புறம் அந்தப் பூச்சுதான். இந்த அடுக்குகளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கட்டுப்படியாகாது. அதனால் உலகெங்கும் இவை குப்பைக்குத்தான் போகின்றன.

ஃபிரிட்டோ-லே 2009இல் முதலில் வெளியடுக்கை மட்டும் மாற்றியது. மறு ஆண்டு எல்லா அடுக்குகளும் பாலிலாக்டிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்டவை ஆயின. பேச்சு வழக்கில் பி.எல்.ஏ. எனப்படும் இந்தப் பாலிமரை அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளேர் என்ற ஊரில் உள்ள நேச்சர்வொர்க்ஸ் ஆலை 2002 முதல் பெருமளவில் தயாரிக்கிறது. மக்காச்சோள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அதை நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைத்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கும். தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலம்தான். இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளை நீர் நீக்கி வளையமாக்கினால் லாக்டைடு. அந்த வளையங்களை வெள்ளீயச் சேர்ம வினையூக்கி ஒன்றின் உதவியால் திறந்து, ஒன்றோடொன்று கோத்தால் பி.எல்.ஏ.

லாக்டிக் அமிலத்திலிருந்து பாலிமருக்குப் போகும் வழியில் நீர் வெளியே எடுக்கப்படுகிறது. நீரை மறுபடி உள்ளே விட்டால் அது வந்த வழியே திரும்பிப் போகும். மக்குதல் என்று நாம் சொல்வதில் முதற்பாதி இந்தத் திரும்பும் பயணம்தான்.

ஏன் இரைந்தது

பாலிமர்கள் பலவற்றுக்குக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழே சங்கிலிகள் உறைந்து நிற்கும், பொருள் கண்ணாடிபோல விறைப்பாக இருக்கும். அதற்கு மேலே போனால் படிகமாகாத பகுதிகளில் சங்கிலிகள் நெளியத் தொடங்கி, பொருள் ரப்பர்த் தன்மைக்கு வரும். பாலிபுரொப்பிலீனுக்கு இந்த வெப்பநிலை நீரின் உறைநிலையை ஒட்டியே இருக்கிறது. ஆகவே அறையில் இருக்கும் பழைய சிப்ஸ் பை ஏற்கெனவே ஓரளவு இளகிய நிலையில் இருக்கிறது. கசக்கும்போது அந்த இளக்கம் அதிர்வில் ஒரு பகுதியை உள்ளேயே விழுங்கிவிடும்.

பி.எல்.ஏ.வுக்கு இது 55 முதல் 60 டிகிரி. அறை வெப்பநிலையில் அது முழுக்க உறைந்த நிலையில் இருக்கிறது. கசக்கினால் படலம் வளையாமல் முறுக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு மடிப்பும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சட்டென்று தாவுகிறது. ஒவ்வொரு தாவலும் ஒரு சிறு வெடிப்பொலி. படலத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து வலுவேற்றித்தான் பை செய்கிறார்கள், அதனால் விறைப்பு இன்னும் கூடுகிறது. இது நிறுவனத்துக்கும் தெரிந்தே இருந்தது. அவர்களுடைய ஆய்வுத் துறையினரே அப்போது செய்தியாளர்களிடம் இந்த வெப்பநிலையைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

2011 தொடக்கத்தில் அவர்கள் கண்ட தீர்வும் இதை உறுதிப்படுத்தியது. பாலிமரை மாற்றவில்லை. அடுக்குகளுக்கு இடையே இருந்த ஒட்டுப்பொருளுக்குப் பதிலாக ரப்பர்போல மென்மையான ஒன்றை வைத்தார்கள். அதிர்வை அது உறிஞ்சியது, ஒலி 70 டெசிபலுக்கு இறங்கியது. பொறியாளர்களின் நல்ல வேலை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இந்தத் தீர்வு சத்தத்தை மட்டுமே தீர்த்தது. 60 டிகிரி அப்படியே இருந்தது.

நீர் எங்கே வெட்டுகிறது

பி.எல்.ஏ. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததோடு எஸ்டர் பிணைப்பால் சேர்ந்திருக்கிறது. நீர் மூலக்கூறு ஒன்று வந்து அந்தப் பிணைப்பைப் பிளக்கும். ஒரு முனையில் கார்பாக்சிலிக் அமிலத் தொகுதியும் மறுமுனையில் ஆல்கஹால் தொகுதியும் மிஞ்சும். இதுவே நீராற்பகுப்பு.

```
R–COO–R′ + H2O → R–COOH + HO–R′
```

நுண்ணுயிர்கள் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடுகின்றன என்று பொதுவாக நினைக்கிறோம். பி.எல்.ஏ.வைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் இரண்டாம் கட்டம். நீண்ட சங்கிலியை நேரடியாகத் தாக்கக்கூடிய நுண்ணுயிர்கள் உண்டு, அமைக்கோலாடாப்சிஸ் இனத்தில் சில அப்படிப்பட்டவை. ஆனால் சாதாரண மண்ணில் அவை அரிது. வழக்கமாக நடப்பது வேறு. முதலில் நீர் தனியாக வேலை செய்து சங்கிலிகளைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறது. துண்டுகள் போதிய அளவு சிறுத்த பிறகுதான் நுண்ணுயிர்களுக்கு இலை போடப்படுகிறது.

எவ்வளவு வெட்ட வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சராசரி மூலக்கூறு எடை 1,00,000 உள்ள சங்கிலியை எடுத்துக்கொள்வோம். ஒரு கண்ணியின் எடை 72. ஆகவே சங்கிலியில் ஏறக்குறைய 1,390 கண்ணிகள். எடை 10,000 அளவுக்கு வந்துவிட்டால் நுண்ணுயிர்கள் கைவைக்கத் தொடங்கும் எல்லையை நெருங்கிவிடும். அதற்கு ஒரு சங்கிலியைப் பத்துத் துண்டாக்க வேண்டும், அதாவது 9 வெட்டுகள். 1,390க்கு 9 என்பது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 9 வெட்டுகளுக்கு 9 நீர் மூலக்கூறுகள் போதும். எடைக் கணக்கில் பார்த்தால் பாலிமரின் 0.16 சதவீதம் நீர்.

இந்தச் சிறிய எண்ணை லேசாகக் கடந்துவிடக் கூடாது. ஈரக்காற்றில் கிடக்கும் பி.எல்.ஏ. படலமே அதைவிட அதிக நீரை உறிஞ்சி வைத்திருக்கும். அப்படியானால் வெட்டுவதற்கு வேண்டிய நீர் கடை அலமாரியில் இருக்கும்போதே பைக்குள் ஊறியிருக்கிறது. இருந்தும் பை ஏன் அலமாரியில் பொடிந்து போவதில்லை? நீர் இருக்கிறது, சூடு இல்லை. உறைந்த சங்கிலிகளுக்கு நடுவே நீரின் நடமாட்டமும் வினையும் மிக மெதுவாகவே நடக்கின்றன. கதவு 60 டிகிரிக்கு அருகில் இருக்கிறது.

ஆலைக்காரர்கள் இதை நேர்மாறான பக்கத்திலிருந்து அறிந்திருக்கிறார்கள். பி.எல்.ஏ. மணிகளை 200 டிகிரியை ஒட்டி உருக்கிப் படலமாக இழுப்பதற்கு முன், ஈரம் 0.025 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை வறண்ட சூடான காற்றில் பல மணி நேரம் உலர்த்துவார்கள். அந்த 0.025 சதவீத நீரும் உருகிய நிலையில் முழுதாக வினைபுரிந்தால் சங்கிலிக்குச் சராசரியாக 1.4 வெட்டு விழும், மூலக்கூறு எடை பாதிக்கும் கீழே போய்விடும். உலர்த்தலில் சோம்பல்பட்ட ஆலையின் படலம் வெளிவரும்போது பார்க்கப் பழுதில்லாமல்தான் இருக்கும். மடித்தால் மடிப்பில் விரிசல் விடும். உருகுநிலைப் பாய்வைச் சோதித்தால் வழக்கத்தைவிட நீர்த்து ஓடும். வாங்குபவர் சரக்கைச் சோதிக்க விரும்பினால் இந்த இரண்டும்தான் எளிய வழிகள், ஏனென்றால் எடையை நிறுத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது.

எடை தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. நீராற்பகுப்பு பொருளின் மேற்பரப்பை அரித்துக்கொண்டு உள்ளே போவதில்லை. வெட்டும் வேகத்தைவிட நீர் ஊடுருவும் வேகம் அதிகம் என்பதால், வெட்டுகள் பொருள் முழுவதிலும் ஒரே சமயத்தில் விழுகின்றன. துண்டுகள் நீரில் கரையும் அளவுக்குச் சிறுத்தால்தான் வெளியேறும். அதுவரை பொருள் உருவத்திலும் எடையிலும் அப்படியே இருக்கும், வலு மட்டும் போய்க்கொண்டிருக்கும். படிகமாகாத பகுதிகள் முதலில் வெட்டுப்படுவதால், மிஞ்சும் துண்டுகள் அடுக்கிக்கொண்டு படிகமாகின்றன. கண்ணாடிபோலத் தெளிவாக இருந்த கோப்பை ஈரமும் சூடும் பட்டுப் பால்போல வெளுத்தால் உள்ளே வேலை தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒவ்வொரு வெட்டும் ஓர் அமில முனையை விட்டுச்செல்கிறது. அந்த அமிலமே அடுத்த வெட்டை விரைவுபடுத்துகிறது. மெல்லிய படலத்தில் அமிலத் துண்டுகள் எளிதில் வெளியேறிவிடும். தடித்த பொருளில் நடுவே மாட்டிக்கொள்ளும். பிரான்சில் மிஷேல் வேர் என்பவரின் குழு 1990ஐ ஒட்டி நடத்திய ஆய்வுகளில், தடித்த பி.எல்.ஏ. துண்டுகள் வெளித்தோல் நன்றாக இருக்க உட்புறம் முந்திக்கொண்டு சிதைவதைக் காட்டினார்கள். வெட்டிப் பார்த்தால் உள்ளே கூடாகிவிட்டிருந்தது. தடித்த பொருள்தான் மெதுவாகச் சிதையும் என்ற நம் பொது அறிவை இந்தப் பாலிமர் மதிப்பதில்லை.

14 வாரம், எந்தக் குவியலில்?

சன் சிப்ஸ் பையில், சூடான, முறையாகப் பராமரிக்கப்படும் உரக்குவியலில் ஏறக்குறைய 14 வாரத்தில் முழுதாக மக்கும் என்ற உறுதிமொழி இருந்தது. பொய்யில்லை. மக்கும் பிளாஸ்டிக்குக்கான அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்டிஎம் டி6400, ஐரோப்பியத் தரநிலை இஎன் 13432 இரண்டும் ஆய்வகச் சோதனைக்கு 58 டிகிரியை அடிப்படையாக வைக்கின்றன. 12 வாரத்தில் பொருள் சிதைந்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சக் கூடாது. ஆறு மாதத்துக்குள் 90 சதவீதக் கரிமம் கரியமில வாயுவாக வெளியேற வேண்டும்.

58 என்ற எண்ணை மறுபடி பாருங்கள். பி.எல்.ஏ.வின் நிலைமாற்ற வெப்பநிலையின் தலைமேல் நிற்கிறது. நீர் ஊறிய பி.எல்.ஏ.வுக்கு அந்த வெப்பநிலை சில டிகிரி இறங்கியும் விடுகிறது. ஆகவே 58 டிகிரி ஈரக்குவியலுக்குள் கதவு திறந்தேயிருக்கிறது. தரநிலையைப் பி.எல்.ஏ.வுக்காக வளைத்தார்கள் என்று சொல்லவில்லை. பெரிய தொழிற்கூடக் குவியல்கள் உண்மையிலேயே அந்தச் சூட்டில்தான் வேலை செய்கின்றன. ஆனால் 58க்கும் 25க்கும் உள்ள தூரத்தைப் பை சொல்லவில்லை.

அந்தத் தூரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வெப்பநிலை ஏற ஏற வினையின் வேகம் எப்படிக் கூடுகிறது என்பதைக் கிளர்வு ஆற்றல் என்ற அளவு தீர்மானிக்கிறது. பி.எல்.ஏ. நீராற்பகுப்புக்கு மோலுக்கு 85 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வது நியாயமான நடுமதிப்பு. அதை வைத்து அர்ரீனியஸ் சமன்பாட்டில் போட்டால், 58 டிகிரியில் நடக்கும் வேகம் 25 டிகிரியில் உள்ளதைப்போல 30 மடங்கு. 14 வாரத்தை 30ஆல் பெருக்கினால் 420 வாரம், அதாவது எட்டு ஆண்டு. 10 டிகிரிக் கடல்நீரை எடுத்துக்கொண்டால் மடங்கு 190ஐ நெருங்கும், காலம் 50 ஆண்டு. இது தோராயம்தான். நடுவில் நிலைமாற்றத்தைத் தாண்டுவதால் உறைந்த பக்கத்தில் வேகம் இந்தக் கணக்கைவிட இன்னும் குறையலாம். ஆக, எட்டு ஆண்டு என்பதைத் தாராளமான மதிப்பீடாகவே கொள்ள வேண்டும்.

கணக்கை நம்பாதவர்கள் அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குள் எட்டிப் பார்க்கலாம். எலும்பு முறிவுக்குப் போடும் பி.எல்.ஏ. திருகாணிகள் 37 டிகிரியில், எப்போதும் ஈரமான உடம்புக்குள், முழுதாகக் கரைந்துபோக இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். சில சமயம் ஐந்தாண்டும் ஆகும். எலும்பு கூடும்வரை தாங்க வேண்டிய திருகாணிக்கு அந்த மந்தம் வரப்பிரசாதம். அதைவிடச் சூடும் ஈரமும் குறைந்த ஓர் ஊரின் சாலையோரத்தில் கிடக்கும் உறை அதைவிட வேகமாகப் போகும் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

வீட்டுக் கொல்லையில் போடும் குவியலின் கதை இதுதான். புதிதாகப் புல்லும் சாணமும் சேர்த்துக் கிளறும் சில நாட்களில் நடுவில் 55 டிகிரியைத் தொடலாம். பிறகு ஆறிவிடும். ஓரங்களில் ஒருபோதும் சூடேறாது. பை அங்கே மாதக்கணக்கில் முழுசாகக் கிடந்தால் பையிடம் குற்றமில்லை, "மக்கும்" என்ற ஒற்றைச் சொல் நிபந்தனையைச் சிறிய எழுத்துக்குத் தள்ளிவிட்டதுதான் குற்றம்.

உணவு உறையாகும்போது

சத்தத்தின் பின்னால் பலர் கவனிக்காமல் விட்ட பெரிய சிக்கல் ஈரம். சிப்ஸ் உற்பத்தியாளர் உறையிடம் கேட்பது அடிப்படையில் ஒன்றுதான்: தீனி நமுத்துப் போகக் கூடாது. பி.எல்.ஏ. படலம் நீராவியை விடும் அளவு, அதே தடிமன் பாலிபுரொப்பிலீன் படலத்தைப்போலப் பல பத்து மடங்கு. நீர் புகுந்து வெட்டும்படி அமைந்த ஒரு பொருள் நீரைத் தடுத்து நிறுத்தும் என்று எதிர்பார்ப்பதே முரண்.

இதையும் எண்ணில் பார்க்கலாம். 25 மைக்ரான் தடித்த பி.எல்.ஏ. படலத்தின் ஒரு சதுர மீட்டர் வழியாக, 38 டிகிரியும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள சோதனை நிலையில், ஒரு நாளில் 300 கிராம் அளவுக்கு நீராவி கடக்கும். மிதமான கடைச் சூழலில், 25 டிகிரியும் பாதி ஈரப்பதமும் என்றால், அது ஆறில் ஒரு பங்காகலாம், 50 கிராம். 300 கிராம் தீனி கொள்ளும் பைக்கு மேற்பரப்பு 0.2 சதுர மீட்டர் என்று வைத்தால், நாளுக்கு 10 கிராம் நீர் உள்ளே வரும். தீனியின் ஈரம் 2 சதவீதம் கூடினாலே மொறுமொறுப்பு போய்விடும், அது 6 கிராம். பூச்சு இல்லாத வெறும் பி.எல்.ஏ. பையில் தீனி ஒரு நாள்கூடத் தாங்காது. அடுக்குகளைத் தடிமனாக்கினால் இரண்டு மூன்று நாள். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அதுவும் கிடைக்காது.

ஆகவேதான் இப்படிப்பட்ட பைகளுக்கு அலுமினியப் பூச்சு தேவைப்படுகிறது. நீராவியைப் பெருமளவில் தடுப்பது பாலிமரைவிட மைக்ரானுக்கும் மிகக் குறைந்த அந்த உலோக அடுக்குதான். தரநிலைகள் இவ்வளவு சிறிய அளவு உலோகத்தை அனுமதிக்கின்றன. பிரச்சினை வேறிடத்தில். விறைப்பான படலத்தைக் கசக்கும்போது மடிப்புகளில் பூச்சு வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் நீராவிக்கு ஒரு சந்து. சத்தம் கொடுத்த அதே விறைப்பு இங்கே தடுப்பையும் குலைக்கிறது.

நீர்த்தன்மையுள்ள உணவுக்கு இது தலைகீழாக வரும். பி.எல்.ஏ. தண்ணீர் பாட்டிலில் சுவர் வழியாக நீர் மெல்ல வெளியேறி, மாதங்கள் போகப்போக பாட்டில் உள்ளொடுங்கிவிடும். சோடா வகைகளில் வாயுவும் கசியும். தயிர்க் கிண்ணம், வெட்டிய பழம், கீரைப்பெட்டி என்று குளிரில் வைத்துச் சில நாளிலோ சில வாரங்களிலோ விற்றுவிடும் சரக்குக்குப் பி.எல்.ஏ. மிக நன்றாகவே பொருந்துகிறது. குளிரில் நீராற்பகுப்பு ஏறத்தாழ நின்றுவிடும், நீராவி கடப்பது அந்தச் சில நாளில் பொருட்படுத்தத்தக்கதல்ல. கீரை போன்ற சுவாசிக்கும் சரக்குக்கு உள்ளே நீர் கோத்துக்கொள்ளாமல் சிறிது வெளியேறுவது நல்லதுங்கூட. சிதைந்து ஒரு துளி உணவில் கலந்தாலும் அது லாக்டிக் அமிலமும் அதன் உறவுகளும்தான் என்பதால் நச்சுப் பயம் பெரிதாக இல்லை.

சூடு வந்தால் எல்லாம் மாறும். கொதிக்கும் டீயைத் தெளிவான பி.எல்.ஏ. கோப்பையில் ஊற்றினால் கோப்பை தொய்ந்து கையிலேயே உருக்குலையும். இது சிதைவு அல்ல, கண்ணாடி ரப்பராவது. முன்கூட்டியே படிகமாக்கிய பி.எல்.ஏ.வில் செய்த மூடிகளும் கரண்டிகளும் 85 டிகிரி வரை உருவம் மாறாமல் தாங்கும். அவை பெரும்பாலும் வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் இருப்பதைக் கொண்டே அடையாளம் காணலாம். காகிதக் கோப்பையின் உட்பூச்சாகப் பி.எல்.ஏ. சூடான பானத்துக்கும் தாக்குப்பிடிக்கிறது, ஏனென்றால் அங்கே கோப்பையைத் தாங்கி நிற்பது காகிதம்.

நம் ஊர் வியாபாரிகளுக்கு இதில் தனியாக ஒரு எச்சரிக்கை இருக்கிறது. சித்திரை வெயிலில் நிற்கும் மூடிய சரக்குப் பெட்டிக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தொடுவது அரிதல்ல. பி.எல்.ஏ. கோப்பைகள் அங்கே ஒன்றுக்குள் ஒன்று இறங்கி ஒட்டிக்கொள்ளும். 40 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று பெட்டிமேல் அச்சிடுவது சடங்கு வாசகம் அல்ல. அதே பெட்டி நாள் கணக்கில் ஈரத்தோடும் சூட்டோடும் நின்றால், வெளிப்பார்வைக்குக் கெடாத சரக்குக்குள்ளும் சங்கிலிகள் வெட்டுப்பட்டிருக்கும். வந்து இறங்கிய கட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து விளிம்பை மடித்துப் பாருங்கள். வளைந்து நின்றால் சரி. சுள்ளிபோல ஒடிந்தால், வழக்கமாக வரும் சரக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, திருப்பி அனுப்புவதே மேல்.

குவியல்காரர்கள் சொன்ன பதில்

பி.எல்.ஏ. உறைகளின் ஆதரவாளர்கள், தொழிற்கூட உரக்குவியல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். பாதி உண்மை. 2019இல் அமெரிக்காவின் ஒரெகன் மாநில உரத் தயாரிப்பாளர்கள் சேர்ந்து, மக்கும் உறைகள் எங்களுக்கு வேண்டாம் என்று காரணங்களோடு வெளிப்படையாக அறிவித்தார்கள். எல்லா உறைகளும் தங்கள் குவியலில் சொன்னபடி மக்குவதில்லை, சாதாரண பிளாஸ்டிக்கும் கூடவே கலந்து வந்துவிடுகிறது, உரத்தை இயற்கை வேளாண்மைக்கு விற்க இது தடையாகிறது என்பன அவற்றில் முக்கியமானவை. அமெரிக்காவின் இயற்கை வேளாண்மை விதிகள் இத்தகைய செயற்கைப் பாலிமர்களை உரத்தின் மூலப்பொருளாக ஏற்பதில்லை.

இவர்கள் பக்கத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. பி.எல்.ஏ. கோப்பை கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறிப்போகிறது, உரத்துக்கு நைட்ரஜனோ பாஸ்பரஸோ தருவதில்லை. குவியலின் இடத்தையும் நேரத்தையும் அடைத்துக்கொண்டு கடைசியில் ஒன்றும் விட்டுச்செல்லாத விருந்தாளியை யார் வரவேற்பார்கள்? அதோடு எறியும் சோறும் காய்கறித் தோலும் ஒட்டிக்கொண்டு வந்தால் மட்டுமே கணக்கு மாறுகிறது. விளையாட்டரங்கம், கல்லூரி உணவகம் போன்ற மூடிய இடங்களில் உறையும் எச்சமும் ஒரே தொட்டியில் விழும்போது, உணவுக் கழிவைப் பிரிக்காமல் குவியலுக்கு அனுப்ப முடிகிறது. பி.எல்.ஏ.வின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. கடையில் வாங்கிப் பேருந்தில் தின்றுவிட்டு ஜன்னல் வழியே எறியும் சிப்ஸ் பைக்கு அது ஏற்றதல்ல.

தவறிப்போய் மறுசுழற்சிக்குள் விழுந்தால் இன்னும் மோசம். பார்வைக்குப் பி.எல்.ஏ. பாட்டிலும் பெட் பாட்டிலும் ஒன்றுபோல இருக்கும். பெட் உருகும் 250 டிகிரியில் பி.எல்.ஏ. ஏற்கெனவே சிதையத் தொடங்கியிருக்கும். சிறு அளவு கலந்தாலே மறுசுழற்சிப் பெட் மங்கிப் பழுப்பேறும். அகச்சிவப்புக் கதிரால் பிரித்தறியும் கருவிகள் இவற்றை எளிதில் அடையாளம் காண்கின்றன. கையால் பிரிக்கும் பழைய இரும்புக் கடைக்காரரிடம் அந்தக் கருவி இல்லை.

சத்தம் குறைந்த சன் சிப்ஸ் பையும் கடைகளில் நிலைக்கவில்லை. ஃபிரிட்டோ-லே மறுபடி 2021இல், ஆஃப் தி ஈட்டன் பாத் என்ற இன்னொரு தீனி வரிசைக்குத் தாவர மூலப் பைகளைக் கொண்டுவந்தது. இம்முறை வீட்டுக் குவியல் என்ற பேச்சே இல்லை, தொழிற்கூடக் குவியலில் மட்டுமே மக்கும் என்று தெளிவாகச் சொன்னார்கள். அப்படிப்பட்ட குவியல் அருகில் இல்லாதவர்கள் வெறும் பைகளைச் சேர்த்து டெராசைக்கிள் என்ற நிறுவனத்துக்கு அஞ்சலில் திருப்பி அனுப்பலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஒரு கைப்பிடி தீனி அடைத்து வந்த பையை அஞ்சல் செலவு செய்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அனுப்பி, அங்கே 58 டிகிரியில் வைத்து மக்கவைப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் 2010இன் 14 வார வாக்குறுதியைவிட இது வேதியியலுக்கு நேர்மையானது.